+0530-ஐ பிரவுசர் படிக்கவே இல்லை: அரை மணி நேரக் குக்கீ ஆறு மணி நேரம் உயிரோடு இருந்த கதை

தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடை. கடையின் பெயர் இங்கே வேண்டாம். அவர்களுடைய ஆன்லைன் தளத்தில் ஒவ்வொரு புடவைக்குக் கீழேயும் "இந்த விலையைப் பிடித்து வை" என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் அன்றைய சலுகை விலை அரை மணி நேரத்துக்கு உங்களுக்காக நிற்கும், அதற்குள் நீங்கள் வீட்டில் நாலு பேரிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு வந்து பணம் கட்டலாம். அரை மணி தாண்டினால் வழக்கமான விலை. பின்னால் நடப்பது மிகச் சாதாரணம்: பட்டனை அழுத்தியதும் பக்கத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் `offer_hold` என்ற குக்கீயை அரை மணி நேர ஆயுளோடு எழுதும், பணம் கட்டும் பக்கம் அந்தக் குக்கீ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். (விலையைத் தீர்மானிக்கும் வேலையை வாடிக்கையாளரின் பிரவுசரிடம் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். அது தனிப் பஞ்சாயத்து, இப்போது அதற்குள் போகவில்லை.)

இரண்டு புகார்கள் வந்தன. ஒன்று, நியூ ஜெர்சியில் இருக்கும் வாடிக்கையாளர்கள் சிலர் எழுதியது: பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை, அடுத்த பக்கத்துக்குப் போனதும் வழக்கமான விலையே நிற்கிறது. இன்னொன்று கடைக்குள்ளிருந்தே வந்தது. கணக்குப் பார்ப்பவர், காலையில் பிடித்து வைத்த விலைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு ஆர்டர் விழுகிறதே, அரை மணி நேரம் என்றுதானே பேச்சு என்று கேட்டார். முதல் புகாரை "வெளிநாட்டு நெட்வொர்க் பிரச்சினை" என்று ஒருவரும், இரண்டாவதை "கேஷ் பிரச்சினை" என்று இன்னொருவரும் எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் தேட ஆரம்பித்தார்கள். ஒரு இடத்தில் குக்கீ உட்காரவே மாட்டேன் என்கிறது, இன்னொரு இடத்தில் எழுந்து போக மாட்டேன் என்கிறது. இரண்டும் ஒரே வரியிலிருந்து வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வரி இதுதான்:

```js
const d = new Date(Date.now() + 30 * 60 * 1000);
document.cookie = "offer_hold=1; path=/; expires=" + d;
```

பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது. இப்போதைய நேரத்தோடு அரை மணி கூட்டி, அதை `expires`-க்குப் பின்னால் ஒட்டியாயிற்று. ஆனால் ஒரு தேதியை எழுத்துச் சரத்தோடு `+` போட்டு ஒட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை `toString()` வடிவத்தில் மாற்றும், அந்த வடிவம் அந்தக் கணினி எந்த நேர மண்டலத்தில் இருக்கிறதோ அந்த ஊர் நேரத்தில் இருக்கும். சென்னையில் 2024 மார்ச் 5 காலை சரியாகப் பத்து மணிக்கு ஒருவர் பட்டனை அழுத்துகிறார் என்றால், குக்கீயோடு போவது இது:

```
expires=Tue Mar 05 2024 10:30:00 GMT+0530 (India Standard Time)
```

இதில் விவரம் குறையே இல்லை. மனிதர் யாரும் படித்தால் பத்தரை மணி, இந்திய நேரம் என்று புரிந்துகொள்வார். ஆனால் பிரவுசர் இதை மனிதர் மாதிரி படிப்பதில்லை, எப்படிப் படிக்கிறது என்று தெரிந்தால்தான் விஷயம் புரியும்.

குக்கீயின் காலாவதித் தேதியைப் படிக்கும் முறை 2011-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6265 என்ற இணைய விதி ஆவணத்தில் படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. அது வருவதற்குப் பதினைந்து வருடத்துக்கும் மேலாகவே குக்கீ புழக்கத்தில் இருந்தது, ஆளாளுக்கு ஒரு வடிவத்தில் தேதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அதையெல்லாம் பிரவுசர்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தன. அதனால் அந்த ஆவணம் இரண்டு முகத்தோடு பேசுகிறது. அனுப்புபவனிடம் இந்த ஒரு வடிவத்தில்தான் அனுப்ப வேண்டும் என்று கறாராகச் சொல்கிறது. படிக்கும் பிரவுசரிடமோ என்ன வந்தாலும் அதிலிருந்து தேறுவதைப் பொறுக்கி எடு என்கிறது.

பொறுக்கும் விதம் இப்படி. முதலில் முழுச் சரத்தையும் துண்டு துண்டாக வெட்டும். இடைவெளி, காற்புள்ளி, கூட்டல் குறி, கழித்தல் குறி, சாய்கோடு, அடைப்புக்குறி என்று ஏறக்குறைய எல்லாக் குறிகளும் வெட்டும் இடங்கள்தான். முக்கியமான விதிவிலக்கு முக்காற்புள்ளி, ஏனென்றால் அது மணிக்குள் வருவது. நம் சரத்தை வெட்டினால் கிடைப்பது:

```
Tue | Mar | 05 | 2024 | 10:30:00 | GMT | 0530 | India | Standard | Time
```

கூட்டல் குறி இந்த இடத்திலேயே காணாமல் போய்விட்டது என்பதைக் கவனியுங்கள். இனி `0530` முன்னே கூட்டலா கழித்தலா என்று கேட்டால் சொல்ல யாரும் இல்லை.

அப்புறம் துண்டுகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுத்து நான்கே நான்கு கேள்வி கேட்கும்: இது மணியா, இது நாளா, இது மாதமா, இது வருடமா? எந்தக் கேள்விக்கு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டதோ அந்தக் கேள்வியை மறுபடி கேட்காது. `Tue` நான்கிலும் சேராது, அதனால் தூக்கிப் போட்டுவிடும் (கிழமையைத் தப்பாக எழுதினாலும் ஒன்றும் ஆகாது, அதை யாரும் பார்ப்பதே இல்லை). `Mar` மாதம். `05` நாள். `2024` நான்கு இலக்கம், வருடம். `10:30:00` மணி. இதோடு நான்கும் கிடைத்துவிட்டன. `GMT` எதிலும் சேராது, போகட்டும். `0530` நான்கு இலக்கம்தான், வருடமாக இருந்திருக்கலாம், ஆனால் வருடம் கிடைத்தாயிற்றே, அதுவும் போகட்டும். மீதி மூன்று சொற்களும் அப்படியே.

ஐந்தாவதாக "இது எந்த நேர மண்டலம்" என்று ஒரு கேள்வி இந்த முறையில் எங்குமே கிடையாது. கடைசிப் படியில், கிடைத்த நாள், மாதம், வருடம், மணி எல்லாவற்றையும் உலகப் பொது நேரமான யூ.டி.சி. என்று வைத்துக்கொள் என்று மட்டும் இருக்கிறது. அதாவது `GMT` என்று நாம் எழுதுவதைப் படித்து அது யூ.டி.சி. என்று பிரவுசர் முடிவு செய்வதில்லை. அதை எடுத்துவிட்டு `IST` போட்டாலும், ஒன்றுமே போடாமல் விட்டாலும், விடை ஒன்றுதான்.

ஆக, சென்னையில் பத்து மணிக்கு எழுதிய குக்கீ, யூ.டி.சி. பத்தரை வரைக்கும் இருக்கும். யூ.டி.சி. பத்தரை என்றால் நமக்கு மாலை நான்கு மணி. அரை மணி நேரத்துக்குப் போட்ட குக்கீ ஆறு மணி நேரம் நின்றது. கணக்குப் பார்ப்பவரின் புகார் இதோடு தீர்ந்தது.

இப்போது நியூ ஜெர்சி. நமக்கு மார்ச் 5 காலை ஆறரை என்றால் அங்கே முதல் நாள் இரவு எட்டு மணி. அந்த ஊர்க் கணினியில் அதே வரி எழுதும் சரம்:

```
expires=Mon Mar 04 2024 20:30:00 GMT-0500 (Eastern Standard Time)
```

இதிலும் கழித்தல் குறியும் `0500`-உம் கழிந்து போய், யூ.டி.சி. மார்ச் 4 இரவு 8:30 என்று மிஞ்சுகிறது. அந்த நொடியில் உண்மையான யூ.டி.சி. மார்ச் 5 அதிகாலை ஒரு மணி. குக்கீ பிறக்கும்போதே அதன் காலாவதி முடிந்து நாலரை மணி நேரம் ஆகிவிட்டது. பிரவுசர் அதை வைத்துக்கொள்ளாது, எரரும் காட்டாது. அதோடு நிற்காமல், அதே பெயரில் முன்பே ஒரு குக்கீ இருந்தால் அதையும் அழித்துவிடும், ஏனென்றால் கடந்த காலத் தேதியோடு குக்கீ எழுதுவதுதான் குக்கீயை அழிக்கும் முறையே.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது திசை. கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு இந்தத் தப்பு குக்கீயை நீட்டிக்கிறது: சென்னைக்கு ஐந்தரை மணி கூடுதல், சிங்கப்பூருக்கு எட்டு மணி கூடுதல். மேற்கே இருப்பவர்களுக்குக் குக்கீயைக் கொல்கிறது. கொன்றால் உடனே சத்தம் வரும், நீண்டால் வராது. லாக்-இன் அரை மணியில் முடிய வேண்டியது ஆறு மணி நேரம் நீண்டால் எந்தப் பயனர் போன் போட்டுப் புகார் சொல்லப் போகிறார்? இங்கே எழுதி இங்கேயே சோதித்து இங்கேயே ஓடும் தளத்தில் இந்தத் தப்பு வருடக்கணக்கில் படுத்துக் கிடக்கும். லண்டனில் இன்னும் வேடிக்கை, குளிர்காலத்தில் எல்லாம் சரியாக இருக்கும், கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியதும் அரை மணிக் குக்கீ ஒன்றரை மணிக் குக்கீயாகும்.

சரி, சோதித்தபோது கண்ணில் படவில்லையா என்றால், பட்டது, பட்டும் ஏமாற்றியது. குரோமில் டெவ் டூல்ஸ் திறந்து `Application` பக்கத்தில் குக்கீ பட்டியலைப் பார்த்தால் `Expires / Max-Age` என்று ஒரு பத்தி இருக்கும். தளத்தைச் சோதித்த பெண் அதைத்தான் எனக்குக் காட்டினார்.

"அண்ணா, இப்போ மணி பத்து. இங்க பாருங்க, பத்தரைன்னு தானே போட்டிருக்கு? சரியாத்தானே இருக்கு?"

"கடைசி எழுத்தைப் படிம்மா."

திரையில் இருந்தது `2024-03-05T10:30:00.000Z`. அந்தக் கடைசி `Z` யூ.டி.சி. என்பதற்கான குறி. பத்தி முழுக்க யூ.டி.சி.யில்தான் காட்டப்படும், ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டாது. சரியாக எழுதிய குக்கீயாக இருந்தால் அங்கே `05:00:00.000Z` என்று இருந்திருக்க வேண்டும். அதைப் பார்த்தால்தான் நம் ஆட்கள் "என்ன, அஞ்சு மணிங்குது?" என்று பதறியிருப்பார்கள். சரியான குக்கீ தப்பாகத் தெரிகிறது, தப்பான குக்கீ கைக்கடிகாரத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தியாவில் உட்கார்ந்து அந்தப் பத்தியைப் பார்க்கும்போது, மணி உங்கள் கடிகாரத்தோடு ஒத்துப்போனால் அதுதான் சந்தேகப்பட வேண்டிய இடம்.

இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. குழுவில் ஒருவர் தன்னுடைய பழைய மடிக்கணினியில் பயர்பாக்ஸில் பார்த்துவிட்டு அரை மணியில் குக்கீ போய்விடுகிறதே, குரோமில்தான் பிரச்சினை என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பயர்பாக்ஸ் பல ஆண்டுகளாகக் குக்கீத் தேதியைப் படிக்க, எல்லாவிதத் தேதியையும் படிக்கும் தன் பழைய பொது நிரலையே பயன்படுத்தி வந்தது, அது `GMT+0530` என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆக, தப்பான பிரவுசர் என்று அவர் சொன்னதுதான் விதிப்படி நடந்தது, சரியாக வேலை செய்ததுதான் விதியைத் தாண்டி நமக்கு உதவியது.

அவர் செய்த முதல் மாற்றம் இன்னொரு பாடம். `d` என்பதை `d.toISOString()` என்று மாற்றினார். அது யூ.டி.சி.யில்தான் தரும், பார்க்கவும் ஒழுங்காக இருக்கும்: `2024-03-05T05:00:00.000Z`. ஆனால் இதைப் பொறுக்கும் முறையில் போட்டுப் பாருங்கள். கழித்தல் குறியில் வெட்டினால் `2024` வருடம், `03` நாளாக எடுத்துக்கொள்ளப்படும், `05T05:00:00` என்று ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு மணியாகத் தேறாது, ஏனென்றால் முதல் இரண்டு இலக்கத்துக்குப் பின் முக்காற்புள்ளி வராமல் `T` வருகிறது. மாதமும் எழுத்தில் எங்கும் இல்லை. இரண்டு கேள்விக்கு விடை இல்லாததால் தேதி படிக்க முடியவில்லை என்று முடிவாகும். அப்படி முடிவானால் குக்கீயைத் தூக்கிப் போட மாட்டார்கள், `expires` பகுதியை மட்டும் இல்லாததாக வைத்துக்கொள்வார்கள், அதனால் அது பிரவுசரை மூடும் வரைக்கும் இருக்கும் செஷன் குக்கீயாகிவிடும். நியூ ஜெர்சி வாடிக்கையாளருக்குத் திடீரென்று எல்லாம் வேலை செய்தது, எல்லோரும் கைதட்டினார்கள், மறுநாள் கணக்குப் பார்ப்பவர் முன்பைவிடச் சத்தமாக வந்தார். டெவ் டூல்ஸில் அந்தப் பத்தியில் தேதிக்குப் பதில் `Session` என்று இருந்தது.

எதற்கு இந்தப் பிடிவாதம், நேர மண்டலத்தையும் படித்துவிட்டால் என்ன என்று அந்தப் பெண் கேட்டார். நியாயமான கேள்விதான். நெட்ஸ்கேப் 1994-இல் குக்கீயைக் கொண்டுவந்தபோது எழுதிய முதல் குறிப்பிலேயே ஜி.எம்.டி. ஒன்றுதான் செல்லும் நேர மண்டலம் என்று சொல்லிவிட்டார்கள். எச்.டி.டி.பி.யில் போய்வரும் தேதிகள் எல்லாவற்றுக்கும் அதே விதிதான். சர்வர் ஒரே பதிலைத்தான் அனுப்பும், அதைச் சென்னையிலும் துபாயிலும் டொராண்டோவிலும் பிரித்துப் படிப்பார்கள், வாங்குபவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று சர்வருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சுருக்கப் பெயர்களை நம்பலாம் என்றால் `IST` என்பதை நாம் இந்திய நேரம் என்போம், இஸ்ரேல்காரரும் அயர்லாந்துக்காரரும் தங்களுடையது என்பார்கள். ஊர் நேரம் சில நாடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை மாறும், அதில் கடிகாரத்தைப் பின்னே தள்ளும் இரவில் ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும், "ஒன்றரை மணி" என்றால் எந்த ஒன்றரை?

அதைவிட முக்கியம், பிரவுசர் கடைசியில் செய்வது ஒரு கழித்தல் கணக்குதான். குரோம் தன் சேமிப்பில் `expires_utc` என்று ஒரு பத்தி வைத்திருக்கிறது, அதில் இருப்பது 1601 ஜனவரி 1-இலிருந்து எத்தனை மைக்ரோ வினாடி என்ற ஒரு எண், அவ்வளவே. கணினியின் இப்போதைய நேரமும் உள்ளுக்குள் அதே மாதிரி ஒரு எண். இந்த எண் அந்த எண்ணைத் தாண்டிவிட்டால் குக்கீ செத்தது. நீங்கள் குக்கீயோடு விமானம் ஏறி லண்டனில் இறங்கி, மடிக்கணினி ஊர் நேரத்தை மாற்றிக்கொண்டாலும் அந்த எண்கள் அசையாது.

கணினியின் கடிகாரமே தப்பாக இருந்தால்? சர்வர் அனுப்பும் குக்கீ என்றால் குரோம் ஒரு சமாளிப்பு செய்கிறது: அதே பதிலில் வரும் `Date` தலைப்பைப் பார்த்து, சர்வரின் நேரத்துக்கும் தன் நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதைக் காலாவதியிலும் சேர்த்துக்கொள்ளும். அதனால் போனில் மணி இரண்டு மணி நேரம் தள்ளி இருந்தாலும் அரை மணி அரை மணியாகவே இருக்கும். நம் கதையில் குக்கீயை எழுதியது பக்கத்தில் இருக்கும் ஸ்கிரிப்ட், அதோடு `Date` எதுவும் வராது. ஆனால் எழுதியதும் ஒப்பிடுவதும் ஒரே கடிகாரம் என்பதால், இடையில் யாரும் அதைத் திருப்பாத வரைக்கும் தப்பு தானாகவே கழிந்துவிடும்.

இதே நோய் சர்வர் பக்கத்திலும் வரும், அங்கே அறிகுறி வேறு. பைத்தானில் இப்படி எழுதியிருப்பார்கள்:

```python
exp = datetime.now() + timedelta(minutes=30)
s = exp.strftime("%a, %d %b %Y %H:%M:%S GMT")
```

சர்வரின் நேர மண்டலம் இந்தியாவாக இருந்தால் `datetime.now()` தருவது ஊர் நேரம், அதன் வாலில் கையால் `GMT` ஒட்டியிருக்கிறது. இதில் சென்னைக்காரருக்கும் நியூ ஜெர்சிக்காரருக்கும் ஒரே அளவுதான் தப்பு, இருவருக்கும் குக்கீ ஆறு மணி நேரம் நிற்கும். ஆக, பயனரின் ஊருக்கு ஊர் குக்கீயின் ஆயுள் மாறினால் பக்கத்தின் ஸ்கிரிப்டில் தேடுங்கள், உலகம் முழுக்க ஒரே ஐந்தரை மணி கூடுதலாக இருந்தால் சர்வரில் தேடுங்கள். இங்கே `datetime.now(timezone.utc)` என்று மாற்றினால் போதும்.

கடைத் தளத்தில் கடைசியாகப் போட்டது இது:

```js
document.cookie = "offer_hold=1; path=/; max-age=1800";
```

`max-age` என்பது தேதி இல்லை, இன்னும் எத்தனை வினாடி என்ற எண், அதனால் மண்டலமே இதற்குள் வராது. இரண்டும் சேர்ந்து வந்தால் `max-age`-க்குத்தான் முன்னுரிமை. இவ்வளவு வசதியானதை விட்டுவிட்டு எல்லோரும் `expires`-ஐக் கட்டிக்கொண்டு அழுததற்குக் காரணம், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரைக்கும் `max-age` புரியாது. அந்தக் காலத்து நிரல்களை நகலெடுத்து நகலெடுத்துப் பழக்கம் நின்றுவிட்டது. தேதிதான் வேண்டும் என்றால் `d.toUTCString()` போடலாம், அது `Tue, 05 Mar 2024 05:00:00 GMT` என்று விதி கேட்கும் வடிவத்திலேயே தரும்.

சரியானதா என்று பார்க்க நியூ ஜெர்சிக்குப் போன் போட வேண்டியதில்லை. குரோம் டெவ் டூல்ஸில் `Sensors` என்று ஒரு பக்கம் உண்டு, அதில் ஊரை `San Francisco` என்று மாற்றினால் அந்தப் பக்கத்துக்கு நேர மண்டலமும் சேர்ந்தே மாறும். பழைய வரியை அங்கே கன்சோலில் ஓட்டினால் குக்கீ பட்டியலில் வரவே வராது; `Tokyo` என்று மாற்றி ஓட்டினால் ஒன்பதரை மணி நேரம் தள்ளிக் காலாவதி காட்டும். புது வரியை இரண்டு ஊரிலும் ஓட்டிப் பார்த்தார்கள், இரண்டிலும் அப்போதைய யூ.டி.சி.யிலிருந்து சரியாக அரை மணி. `Mumbai` வைத்துப் பார்த்தபோது பத்தியில் இருந்த மணி யாருடைய கைக்கடிகாரத்தோடும் ஒத்துப்போகவில்லை, அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணே "சரி, இப்ப ஓகே அண்ணா" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்.